எந்த முப்பது

எனக்குக் கூட்டல் தப்பாது. வேறு எதில் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன், அதில் மட்டும் மாட்டேன். பாசனப் பிரிவின் ஓர் உட்கோட்ட அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். பெயர் ஜெயபாரதி. முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி என்பார்கள். அதிலும் தப்பில்லை.

சாமிதுரையின் பணிக்காலத்தை மார்ச் மாதம் முதல் வாரத்தில் கூட்டினேன். ஒன்பது வருடம், ஒன்பது மாதம், இருபத்துநாலு நாள் வந்தது. மறுபடியும் கூட்டினேன். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தடவை. அதே எண் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பத்து வருடம் வேண்டும். இரண்டு மாதமும் ஆறு நாளும் குறைகிறது.

சாமிதுரை எங்கள் வாய்க்கால் தலைப்பு மதகில் லஸ்கர். ஷட்டரை ஏற்றி இறக்குவது, தண்ணீர் அளவைக் குறித்துக் கொடுப்பது, கரை கசிந்தால் ஓடிவந்து சொல்வது, கடைமடைக்காரனும் தலைமடைக்காரனும் அடித்துக்கொண்டால் நடுவில் நின்று இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவது எல்லாம் லஸ்கர் வேலை. நிரந்தர லஸ்கர்கள் ஓய்வுபெற்ற இடங்களை நிரப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதனால் ஆற்றில் தண்ணீர் விடும் நாளில் தினக்கூலிக்கு ஆள் எடுப்போம், ஜனவரி கடைசியில் அனுப்பிவிடுவோம். அடுத்த தண்ணீருக்கு மறுபடியும் எடுப்போம். இப்படி வந்துபோகும் ஒவ்வொரு காலத்தையும் அலுவலகத்தில் ஸ்பெல் என்போம்.

சாமிதுரைக்கு இருபது ஸ்பெல். 2007 ஜூலையில் தொடங்கியது. நடுவில் ஒரு வருடம் ஷட்டர் பழுது பார்த்தபோது கோடையில் ஒரே ஒரு மாதம். மற்றதெல்லாம் தண்ணீரோடு வந்து தண்ணீரோடு போனவை. ஜூனில் தண்ணீர் வந்த வருடங்களில் ஏழு மாதத்துக்கு மேல் கிடைத்தது. தண்ணீர் அக்டோபரில் வந்த வருடம் நாலு மாதம்கூட நிறையவில்லை. கர்நாடகத்தில் மழை பெய்ததா இல்லையா என்பதெல்லாம் அந்த மனுஷனுடைய பணிப் பதிவில் தேதிகளாக இருக்கிறது.

போன செப்டம்பரில் ஓர் உத்தரவு வந்தது. பருவகால லஸ்கர்களில் அறுபது வயது முடியும்போது மொத்தப் பணிக்காலம் பத்து ஆண்டு நிறைந்திருப்பவர்களுக்கு மாதா மாதம் ஓய்வூதியம். ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது, தளர்வு கோரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா என்று அடியில் ஒரு வரி. அந்த மாதிரி அடிவரியை எழுதுகிறவர்களுக்குக் கை கூசாது போலிருக்கிறது.

சாமிதுரைக்கு பிப்ரவரியில் அறுபது. அதாவது போன சீசன்தான் அவருக்குக் கடைசி.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் ஒரு நாள் சாமிதுரை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பருவமழைக்கு முன்னெச்சரிக்கை அறிக்கை மூன்று நகலில் அன்று மாலைக்குள் போக வேண்டும். மணல் மூட்டை எத்தனை, சவுக்குக் கட்டை எத்தனை என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒரு சின்ன சந்தேகம்."

"சொல்லுங்க."

"ஆபீசுல ஒரு மாசத்துக்கு எத்தனை நாளு கணக்கு? முப்பதா, முப்பத்தொண்ணா?"

"முப்பது. முப்பது நாள் சேந்தா ஒரு மாசம். பன்னண்டு மாசம் சேந்தா ஒரு வருஷம். வேற?"

"அவ்வளவுதாம்மா."

போய்விட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு நேரமில்லை.

நவம்பர் பதினேழாம் தேதி ஒரு மனு கொடுத்தார். மனைவி காளியம்மாள் நடவு வயலில் வரப்பிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார், கூட இருந்து பார்க்க ஆளில்லை, என்னை விடுவித்து உதவ வேண்டும் என்று. எங்கள் உதவி செயற்பொறியாளர் மனோகரன் சார் நல்ல மனுஷர். மனுவைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பத்து வருஷம் முடிஞ்சிட்டாமா இவருக்கு? அத விட்டுட்டுப் போயிடப் போறாரு."

"முடிஞ்சிட்டுன்னு சொல்றாரு சார்," என்றேன்.

சொல்கிறார் என்றேன். பார்த்தேன் என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருட அனுபவத்தில் இந்த மாதிரிச் சாமர்த்தியம்தான் மிஞ்சும். விடுவிப்பு உத்தரவை நான்தான் தட்டச்சு செய்தேன். '17.11.2025 பிற்பகல், சொந்த விருப்பத்தின் பேரில்.' அடுத்த நாளிலிருந்து அந்த மதகுக்குத் தமிழரசன் என்ற ஆளைப் போட்டோம்.

மார்ச்சில் அவருடைய பணிக்காலப் பட்டியலை முடித்த பிறகு இன்னொரு கூட்டலும் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது. சாமிதுரை அந்தக் கடைசி சீசனில் ஜனவரி முப்பத்தொன்று வரைக்கும் இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று. பத்து வருடம், பூஜ்ய மாதம், எட்டு நாள். நடுவில் எட்டு நாள் வராமலே இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாலும் நிறைந்திருக்கும்.



அதற்கப்புறம் பத்து நாள் அந்த அறுபத்தாறு நாளைத் தேடினேன். வேறு வேலை ஓடவில்லை. என்.எம்.ஆர். என்கிற தினக்கூலிப் பதிவேடுகளை ரெக்கார்டு அறையிலிருந்து இறக்கிப் பழைய வருடங்களைப் புரட்டினேன். தும்மல் வந்ததுதான் மிச்சம். ஒவ்வொரு ஸ்பெல்லிலும் சேர்ந்தது முற்பகலா, போனது பிற்பகலா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, முதல் நாளும் கடைசி நாளும் ஏற்கெனவே கணக்கில் சேர்ந்திருந்தன. தண்ணீர் செப்டம்பர் கடைசியில் வந்த வருடத்தில் அவர் ஜூனிலிருந்தே மதகில் காவல் இருந்தார், எனக்கே தெரியும். காய்ந்த வாய்க்காலில் ஷட்டர் ராடைக் கழற்றி விற்றுவிடுவார்கள் என்று அவராகவே போய்ப் படுத்திருந்தார். பதிவேட்டில் அது இல்லை. பதிவேட்டில் இல்லாத நாளில் அந்த மனுஷன் உயிரோடு இருந்ததற்கே அலுவலகத்தில் ஆதாரம் கிடையாது.

ஒரு கெட்ட யோசனையும் வந்தது, மறைக்க மாட்டேன். போன நவம்பர் பதிவேட்டை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டாம் தேதியிலிருந்து ஜனவரி முப்பத்தொன்று வரை எழுபத்தைந்து நாளும் தமிழரசன் கையெழுத்து. அதை அடித்துத்தான் சாமிதுரையை எழுத முடியும். தமிழரசனுக்கும் இரண்டு பிள்ளைகள், அவனுக்கும் பத்து வருடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவேட்டை மூடி உள்ளே வைத்தேன்.

மனோகரன் சாரிடம் போனேன். அவர் கால்குலேட்டரை எடுத்தார்.

"மாசக் கணக்க விட்டுடுங்க. மொத்தம் எத்தனை நாளு வேலை பாத்துருக்காரு?"

"மூவாயிரத்து அறுநூறு சார்."

"முந்நூத்து அறுபத்தஞ்சால வகுத்தா..." தட்டிவிட்டு, கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். ஒன்பது வருடம், முந்நூற்றுப் பதினைந்து நாள். எந்தப் பக்கமிருந்து போனாலும் கதவு மூடித்தான் இருந்தது.

"மேல கோட்ட ஆபீசுல ஒரு வார்த்தை கேளுங்க சார்."

என் முன்னாலேயே போன் போட்டார். ஐந்து நிமிடம் பேசினார். அதில் நாலு நிமிடம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வைத்துவிட்டு, "நாமளா நிறுத்தியிருந்தா கூட ஏதாவது எழுதலாமாம். சொந்த விருப்பத்தின் பேரில்னு இருக்கு, அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க," என்றார். அந்த வாசகத்தை யார் தட்டச்சு செய்தது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை சாமிதுரையை வரச் சொன்னேன். பட்டியலில் சம்பந்தப்பட்டவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி.

பதினோரு மணிக்கு வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி. தோளில் ஒரு யூரியா சாக்கு. காளியம்மாளையும் பஸ்ஸில் கூட்டி வந்து வெளியே வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். நல்ல சேதி கேட்க வந்தவர்கள் இரண்டு பேராகத்தானே வருவார்கள்.

"என்ன சாமிதுரை இது மூட்டை?"

"ரெக்கார்டும்மா. ஆபீசுல ஏதும் விட்டுப்போயிருந்தா காட்டலாம்னு எடுத்தாந்தேன்."

சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். நாட்காட்டித் தாள்கள். சுவரில் மாட்டித் தினமும் கிழிக்கிற தேதி காலண்டரின் தாள்கள். வேலைக்குப் போன நாளில் கிழித்த தாளைத் தூக்கி எறியாமல் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார், பதினெட்டு வருடமாக. வாழைநாரால் கட்டிய சின்னச் சின்னக் கட்டுகள்.

"சும்மா சீசன் சீசனா அடுக்கித்தான் வச்சிருந்தேன். அன்னிக்கு நீங்க முப்பதுன்னு சொன்னீங்கள்ல, அப்புறம்தான் நானும் அவளும் ஒக்காந்து முப்பது முப்பதா எண்ணிக் கட்டுனோம். பன்னண்டு கட்டு ஒரு வருஷம். மொத்தம் நூத்தியிருவது கட்டு வேணும். நூத்தியிருவதாவது கட்டு என்னிக்கு முடியும்னு எண்ணிப் பாத்தேன், நவம்பர் பதினேழுன்னு வந்துச்சு."

நான் கடைசிக் கட்டைக் கையில் எடுத்தேன்.

"அவ விழுந்தது நவம்பர் அஞ்சாந்தேதிம்மா. பன்னண்டு நாளு அவ தங்கச்சிதான் ஆஸ்பத்திரில பாத்துச்சு. வந்துரு வந்துருன்னு போன் போட்டுக்கிட்டே இருந்துச்சு. கட்டு முடிஞ்சாத்தான் வருவேன்னுட்டேன். அந்தப் புள்ளைக்கு என் மேல ரொம்பக் கோவம்."

இப்படி ஓர் எண்ணிக்கையை நான் என் வேலையில் பார்த்ததில்லை. ஒரு தாள் குறையவில்லை, கூடவில்லை. மூவாயிரத்து அறுநூறு. என்.எம்.ஆர். பதிவேட்டோடு அப்படியே ஒத்துப்போகிறது. அது ஒத்துப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பாக எண்ணியிருந்தால் அவர் மேல் எரிந்து விழுந்திருப்பேன், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"உக்காருங்க சாமிதுரை."

"இருக்கட்டும்மா."

"உக்காருங்கன்னா உக்காருங்க."

உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

"2008 சீசன் கட்டெல்லாம் எடுங்க."

எடுத்தார். அந்த வருடம் ஜூன் பதினாறு முதல் 2009 ஜனவரி முப்பத்தொன்று வரை. நாரை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்துத் தேதி வரிசையில் அடுக்கினார்.

"இதுல எத்தனை தாள் இருக்கு?"

"எரநூத்தி முப்பது."

"உங்க கணக்குல?"

"ஏழு கட்டு. மேல இருவது."

"சரி. இப்ப ஆபீசு எப்படி எண்ணும்னு பாருங்க. ஜூன் பதினாறுலேருந்து ஜூலை பதினஞ்சு வரைக்கும் எடுத்து வைங்க. அது ஒரு மாசம்."

எண்ணினார். "முப்பது."

"ஜூலை பதினாறுலேருந்து ஆகஸ்ட் பதினஞ்சு."

எண்ணினார். "முப்பத்தொண்ணு."

"அதுவும் ஒரு மாசம்தான்."

கையில் இருந்த தாள்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒண்ணு மிச்சம் இருக்கேம்மா."

"மிச்சம் இல்ல. மாசத்துக்குள்ளயே போயிடும். தேதிக்குத் தேதி ஒரு மாசம். அதுக்குள்ள முப்பது நாள் இருந்தாலும் முப்பத்தொண்ணு இருந்தாலும் ஒரு மாசம்தான். அந்த ஒரு தாளத் தனியா வைங்க."

வைத்தார். அடுத்த மாதத்திலும் ஒன்று, பிறகு இல்லை, பிறகு ஒன்று, பிறகு இல்லை, பிறகு ஒன்று. ஜனவரி பதினைந்தோடு ஏழு மாதம் முடிந்தபோது மேஜையோரத்தில் நாலு தாள் தனியாகக் கிடந்தது. பதினாறிலிருந்து முப்பத்தொன்று வரை மிச்சம் பதினாறு தாள்.

"ஏழு மாசம், பதினாறு நாள். இந்தப் பதினாறுதான் நாள் கணக்குல எழுதுறது. இப்படி இருவது ஸ்பெல்லுக்கும் மிச்சம் விழுற நாளையெல்லாம் கூட்டினேன். எரநூத்தி முப்பத்திநாலு வந்துச்சு. முப்பது நாள் ஒரு மாசம்ங்கறது அங்கதான். அந்த எரநூத்தி முப்பத்திநாலுலேருந்து முப்பது முப்பதா ஏழு மாசம் எடுத்து மாசத்தோட சேத்தா, மீதி இருவத்திநாலு நாள். முழு மாசமா எழுதுன நூத்திப்பத்தும் இந்த ஏழும் நூத்திப்பதினேழு. ஒம்பது வருஷம், ஒம்பது மாசம், இருவத்திநாலு நாள்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நிறுத்தினால் திரும்பச் சொல்ல என்னால் முடியாது.

அவர் அந்த நாலு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒன்று, அதிலும் சில மாதங்களில்தான். பிப்ரவரியும் வேலையில் இருந்திருந்தால் இருபத்தெட்டு நாளே ஒரு மாதமாக நின்று கொஞ்சம் திருப்பிக் கொடுத்திருக்கும். ஆனால் எங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடும் காலத்தில் பிப்ரவரி கிடையாது. ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர், ஜனவரி என்று முப்பத்தொரு நாள் மாதங்களாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தது போல இருக்கும். இந்த ஊர் லஸ்கருக்கு மட்டும் விழுகிற அடி இது.

"இருவது சீசனுக்கும் சேத்து இந்த மாதிரி எத்தனை தாளும்மா?"

"அறுவத்தாறு."

"ரெண்டு கட்டும் ஆறு தாளும்."

"ஆமா."

"ரெண்டு மாசம் ஆறு நாளு." தனித்தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, "நான் சனவரி வரைக்கும் இருந்திருந்தா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தபோது உண்மைதான் வந்தது. "பத்து வருஷத்துக்கு மேல எட்டு நாள் இருந்திருக்கும்."

தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"சாமிதுரை, நான்தான் முப்பதுன்னு சொன்னேன். எதுக்குக் கேக்குறீங்கன்னு கேட்டிருந்தா இது நடந்திருக்காது. என் தலைல போடுங்க இத."

"நீங்க சொன்னதுல என்னம்மா தப்பு? முப்பது நாளு ஒரு மாசம்தான். எந்த முப்பதுன்னு நான்தான் கேக்கல." மேஜை மேலிருந்த தாள்களைச் சேர்த்து, கலையாமல், அந்த நாலையும் அதனதன் இடத்தில் செருகி, மறுபடியும் முப்பது முப்பதாக எண்ணிக் கட்ட ஆரம்பித்தார். விரல் பழக்கத்தில் செய்கிற வேலை அது. இரண்டு கட்டு கட்டியபிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது போல நிறுத்திவிட்டார்.

"ஜூன்ல தண்ணி விடுவாங்கள்ல. ரெண்டு மாசம் ஆறு நாளு சும்மாவே வந்து பாத்துடுறேம்மா. கூலி வேண்டாம்."

"அறுவது ஆயிடுச்சுல்ல. பேரு எழுத முடியாது."

"ஆமாமா." அது தனக்குத் தெரியும் என்பது போலச் சொன்னார். "எங்க போடணும் கையெழுத்து?"

பட்டியலைத் திருப்பி வைத்தேன். உடனே போடவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு, இருபது ஸ்பெல்லையும், ஒவ்வொரு தேதியையும், நாள் பத்தியை மேலிருந்து கீழே உதட்டை அசைத்துக் கூட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அந்தப் பத்து நிமிடமும் ஒரு நப்பாசை. எங்காவது ஒரு பத்தை விட்டிருக்க மாட்டேனா, எங்காவது நான் தப்புச் செய்திருக்கக் கூடாதா. என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் கூட்டல் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"கூட்டல் சரியா இருக்கும்மா," என்றார். சாமிதுரை என்று எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே 'தகுதி பெறவில்லை' என்ற வரியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

கட்டுகளைச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். வாசல் வரை நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கதவருகில் நின்று, குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்கம்மா. தன்னாலதான் போச்சுன்னு நெனைச்சுக்குவா," என்றார்.

காளியம்மாள் எங்களைப் பார்த்ததும் கைத்தடியை ஊன்றிப் பெஞ்சிலிருந்து எழுந்தார். எழுந்து நிமிர்வதற்கே நேரமாயிற்று. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டிருந்தது.

"முடிஞ்சிட்டாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"கையெழுத்துப் போட்டாச்சு," என்றேன்.

"பத்து வருசமும் இருக்குல்ல? எண்ணிக் கட்டுனது நானாக்கும். ஒரு கட்டுல கூடக் கொறச்சல் இருக்காது." மூச்சு வாங்கிச் சிரித்தார். "ஆஸ்பத்திரில நான் இவரத் திட்டுனேம்மா. எனக்கு ஒண்ணும் ஆயிடாது, நீ வேலையப் பாருன்னு. எல்லாம் முடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன், சும்மா கெடன்னு சொல்லிட்டாரு. எப்பம்மா கைக்கு வரும்?"

இருபத்தாறு வருடமாக யார் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொன்னவள் நான். சாமிதுரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சாக்கின் வாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மேல அனுப்பணும்ல. உடனே வருமா?" என்றார் மனைவியிடம்.

"எத்தனை நாளு ஆகும்?"

"ரெண்டு மாசம் ஆறு நாளு."

அந்த ஆறு நாளைக் கேட்டதும் காளியம்மாளுக்கு முகம் தெளிந்தது. இவ்வளவு கணக்காகச் சொல்கிறார்கள் என்றால் நிச்சயம்தான் என்று நினைத்திருப்பார். தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு விரல்களை மடக்கினார்.

"இன்னிக்கு பங்குனி ரெண்டு. சித்திரை ரெண்டு, வைகாசி ரெண்டு. மேல ஆறு. வைகாசி எட்டு."

ஒரு நாள்கூட அவர் தப்பாக எண்ணவில்லை.